விற்ற பணமும் மிஞ்சிய பணமும்
மளிகைக் கடை மாமன் மருமகனுக்கு எழுதிய கடிதமும், அதன் பின் போட்ட வெங்காயக் கணக்கும்

"இந்தப் போகம் எவ்வளவுக்குப் போயிற்று?" என்று கேட்டால் விவசாயிகளில் பெரும்பாலோர் உடனே பதில் சொல்லிவிடுவார்கள். "எவ்வளவு மிஞ்சியது?" என்று கேட்டால் சற்று யோசிப்பார்கள். பிறகு முதலில் சொன்ன தொகையிலிருந்து உரக்கடைப் பாக்கியை மட்டும் கழித்துவிட்டு ஒரு தொகை சொல்வார்கள். இந்த இரண்டாவது பதில் பெரும்பாலும் சரியாக இருப்பதில்லை. இதைப் பற்றி எழுத வேண்டும் என்று நெடுநாளாக எண்ணியிருந்தேன். பெரம்பலூர் மாவட்டத்திலிருந்து பயிற்சிக்கு வந்த இளம் விவசாயி ஒருவர் காட்டிய கடிதம் அந்த வேலையை எளிதாக்கிவிட்டது.

அவர் ஒரு ஏக்கரில் சின்ன வெங்காயம் பயிரிட்டு 1,41,000 ரூபாய்க்கு விற்றிருந்தார். அந்த மகிழ்ச்சியில், பக்கத்து நிலம் இரண்டு ஏக்கரைக் குத்தகைக்கு எடுக்கப் போவதாகவும், அதற்காகத் தாயாரின் நகைகளை அடகு வைக்கப் போவதாகவும், குறையும் பணத்தை மாமா தந்து உதவ வேண்டும் என்றும், சிறு நகரத்தில் மளிகைக் கடை வைத்திருக்கும் தம் தாய்மாமனுக்கு எழுதினார். "உங்கள் கடையில் நாளொன்றுக்கு எட்டாயிரம் ரூபாய் விற்பனையாகிறது, உங்களால் முடியாதா?" என்றும் கேட்டிருந்தார். மாமனிடமிருந்து பணம் வரவில்லை. கடிதம்தான் வந்தது. பெயர்களை மட்டும் நீக்கிவிட்டு, அவர் அனுமதியுடன் அதை இங்கே தருகிறேன்.

மாமன் எழுதியது

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மாமன் எழுதுவது. இங்கு உன் அத்தையும் நானும் நலம். அங்கு அக்காவும் நீயும் மற்றவர்களும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

உன் கடிதம் கிடைத்தது. வெங்காயம் நல்ல விலைக்குப் போனது கேட்டு மகிழ்ச்சி. என் கடையில் எட்டாயிரம் விற்பனையாகிறது என்று எழுதியிருக்கிறாய். அது உண்மைதான். ஆனால் அந்த எட்டாயிரம் என்னுடையது அல்ல. பெரும்பகுதி மொத்த வியாபாரியினுடையது. என் கல்லாவில் சில நாள் தங்கிவிட்டுப் போகிறது, அவ்வளவுதான். சென்ற மாதக் கணக்கை உனக்காகப் பேரேட்டிலிருந்து எடுத்து எழுதுகிறேன். வெளியில் யாரிடமும் காட்டாதது இது.

மாதம் முழுவதும் விற்றது 2,40,000 ரூபாய். இதில் 22,000 ரூபாய் பற்று நோட்டில் இருக்கிறது. சரக்கு போய்விட்டது, பணம் வரவில்லை. இருந்தாலும் விற்பனை என்றே எழுதிக்கொள்கிறேன்.

இனி அந்தச் சரக்கு எனக்கு எவ்வளவு அடக்கம் என்று பார். மாதத்தின் முதல் நாள் கடையில் இருந்த சரக்கை எண்ணி, வாங்கிய விலையில் மதிப்புப் போட்டேன். 1,60,000 ரூபாய் வந்தது. மாதத்தில் புதிதாக வாங்கியது 2,30,000. இரண்டும் சேர்ந்து 3,90,000. கடைசி நாள் இரவு மறுபடியும் எண்ணியபோது 1,76,000 ரூபாய்ச் சரக்கு மீதி இருந்தது. ஆகவே விற்றுப்போன சரக்கின் அடக்கம் 2,14,000 ரூபாய். விற்றது 2,40,000. வித்தியாசம் 26,000 ரூபாய்.

இருப்பை எண்ணாமல் கணக்குப் போட்டால் என்ன ஆகும் தெரியுமா? வாங்கியது 2,30,000, விற்றது 2,40,000, எனவே பத்தாயிரம்தான் கிடைத்தது என்று தோன்றும். நான் கூடுதலாக வாங்கி அடுக்கிய சரக்கு கண்ணில் படாது. இன்னொரு மாதம் சரக்கு வாங்காமல் பழைய இருப்பையே விற்றால் பெரிய இலாபம் வந்ததுபோல் தோன்றும். இரண்டும் பொய்க் கணக்கு. எலி கடித்த மூட்டையும், நாள் கடந்த பிஸ்கட்டும் கடைசி நாள் எண்ணிக்கையில் வராது. அதனால் அந்தச் சேதாரம் தனியாக எழுதாமலே அடக்கத்தில் ஏறிவிடும். வருடத்துக்கு ஒருமுறை எண்ணினால் போதும் என்று உன் அத்தை சொல்வாள். மாதம்தோறும் எண்ணியதால்தான் பருப்பு மூட்டையில் எடை குறைவாக வருவதை நான் கண்டுபிடித்தேன்.

இந்த 26,000 ரூபாயும் எனக்கு மிஞ்சுவதில்லை. கடை வாடகை 4,000, மின் கட்டணம் 1,200, கடைப் பையனுக்குச் சம்பளம் 8,000, வண்டி வாடகையும் இறக்குக் கூலியும் 1,500, பை, சணல் 500, வங்கிக் கடன் வட்டி 1,300. ஆக 16,500. இது போக நிற்பது 9,500 ரூபாய். காலை ஆறு மணி முதல் இரவு பத்து மணி வரை நானும் உன் அத்தையும் நிற்பதற்குக் கூலி இதில்தான் அடங்கியிருக்கிறது. நூறு ரூபாய் விற்றால் நான்கு ரூபாய் எனக்கு. பற்று நோட்டில் உள்ள 22,000 ரூபாயில் பாதி வராமல் போனால் இந்த மாதம் நான் சும்மா உழைத்தேன் என்று பொருள்.

விற்பனை கூடினால் இலாபம் கூடும் என்றும் எண்ணாதே. எனக்குக் கடை புதிதாக இருந்தபோது அந்த எண்ணம் இருந்தது. 50 கிலோ சர்க்கரை மூட்டையைக் கிலோ 42 ரூபாய்க்கு வாங்கி 44 ரூபாய்க்கு விற்பதாக வைத்துக்கொள். மாதம் பத்து மூட்டை போகிறது. விற்பனை 22,000 ரூபாய். கிலோவுக்கு இரண்டு ரூபாய் வீதம் ஆயிரம் ரூபாய் கிடைக்கிறது. எதிர்க் கடையை முந்துவதற்காக விலையை 43 ஆக்கினேன், மாதம் பதினைந்து மூட்டை போயிற்று என்று வைத்துக்கொள். விற்பனை 32,250 ஆகிவிடும். ஊரில் எல்லோரும் 'கடை ஓகோ என்று ஓடுகிறது' என்பார்கள். எனக்குக் கிடைப்பது 750 ரூபாய்தான். ஐந்து மூட்டைக்குக் கூடுதல் இறக்குக் கூலியும் என் தலையில். இப்படித்தான் நான் முதல் இரண்டு வருடம் விற்பனையைப் பெருக்கிக் கடனாளி ஆனேன். அப்போது அக்காதான் தன் வளையலைத் தந்து மீட்டாள். அந்த வளையலும் நீ அடகு வைக்கப் போகும் நகைகளில் இருக்கும் என்று நினைக்கிறேன்.

ஆகையால் பணம் தருவதற்கு முன் உன்னிடம் சில கேள்விகள். 1,41,000 என்று எழுதினாயே, அது மண்டிச் சீட்டில் மேலே உள்ள தொகையா, கீழே உள்ள தொகையா? நட்ட விதைக்காயை எங்கே வாங்கினாய்? பட்டறையிலிருந்து எடுத்தாய் என்றால், அன்று அதை விற்றிருந்தால் எவ்வளவு கிடைத்திருக்கும்? அக்காவும் உன் மனைவியும் எத்தனை நாள் காட்டில் நின்றார்கள்? இவற்றுக்குப் பதில் எழுது. பணத்தைப் பற்றிப் பிறகு பேசுவோம்.

இப்படிக்கு,
உன் மாமன்.

விதை வெங்காயம் என்ற கையிருப்பு

கடிதத்தைப் படித்து முடித்ததும் அந்த இளைஞர், "எனக்கு ஒரு கேள்விக்கும் பதில் தெரியவில்லை ஐயா" என்றார். மண்டிச் சீட்டும் உரக்கடைச் சிட்டைகளும் அவரிடம் இருந்தன. கூலி விவரத்தை அவர் மனைவி நாட்காட்டியில் குறித்து வைத்திருந்தார். (அந்த நாட்காட்டி இல்லாவிட்டால் இந்தக் கட்டுரையும் இல்லை.) அவற்றை வைத்துக்கொண்டு ஒரு பிற்பகல் உட்கார்ந்து கணக்குப் போட்டோம்.

முதல் கேள்வி மண்டிச் சீட்டைப் பற்றியது. மொத்தம் 80 மூட்டை, மூட்டைக்கு 60 கிலோ. பருத்த காய் 3,000 கிலோ, கிலோ 32 ரூபாய். பொடிக்காய் 1,800 கிலோ, கிலோ 25 ரூபாய். இவை சேர்ந்ததுதான் 1,41,000. அது சீட்டின் மேல் வரி. அதற்குக் கீழே நூற்றுக்குப் பத்து வீதம் கமிஷன் 14,100 ரூபாய் கழிக்கப்பட்டிருந்தது. வண்டி வாடகை, இறக்குக் கூலி, சாக்கு ஆகியவற்றுக்கு 4,800 ரூபாய். கைக்கு வந்தது 1,22,100 ரூபாய். வெங்காயம் விற்ற தொகையாக நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது இந்தக் கீழ் வரியைத்தான்.

அடுத்து, கையிலிருந்து ரொக்கமாகச் செலவானவை. உழவும் பார் பிடித்தலும், இரண்டு டிராக்டர் தொழு உரம், இரசாயன உரங்கள், நடவுக் கூலி, இரண்டு முறை களையெடுப்பு, இலைப்பேனுக்கும் ஊதா இலைப்புள்ளி நோய்க்கும் தெளித்த மருந்து, வெங்காயம் பிடுங்கித் தாள் அறுத்துக் காய் ஆய்ந்த கூலி, இடையில் எரிந்துபோன மோட்டாரின் பழுது என்று எல்லாம் சேர்த்து 53,700 ரூபாய். இதில் பெரிய பங்கு கூலிதான். அறுவடைக்கு மட்டுமே 12,000 ரூபாய். இதைக் கழித்தால் 68,400 ரூபாய் நிற்கிறது. தம் இலாபம் இதுதான் என்று அவர் முடித்துவிடப் பார்த்தார்.

மாமனின் இரண்டாவது கேள்வி இங்கேதான் வருகிறது. சின்ன வெங்காயத்துக்கு ஏக்கருக்கு ஏறத்தாழ 600 கிலோ விதைக்காய் வேண்டும். சாகுபடிச் செலவுகளில் இதைவிடப் பெரியது அனேகமாக வேறு இல்லை. நம் நண்பரோ முந்தைய அறுவடையில் 700 கிலோவை எடுத்துப் பட்டறையில் வைத்திருந்தார். சுருங்கியும் அழுகியும் போனது போக 600 கிலோ நடவுக்குக் கிடைத்தது. காசு கொடுத்து வாங்காததால் அது அவர் கணக்கிலேயே வரவில்லை. நடவு நாளில் விதைக்காய் விலை கிலோ 50 ரூபாய். அதாவது அன்று அவர் நிலத்தில் ஊன்றியது 30,000 ரூபாய். அதை விற்றிருந்தால் அந்தத் தொகை வீட்டுக்கு வந்திருக்கும். மாமன் கடையில் முதல் நாள் இருந்த சரக்கும் இதுவும் ஒன்றே.

அதுபோலவே கடைசி நாள் இருப்பும் உண்டு. இந்த அறுவடையிலும் 700 கிலோவை அவர் பட்டறையில் ஏற்றியிருந்தார். அது 80 மூட்டைக் கணக்கில் சேரவில்லை. அறுவடை நாளின் விலையில் கிலோ 30 ரூபாய் என்று மதிப்பிட்டால் 21,000 ரூபாய். இதை வரவில் சேர்க்க வேண்டும். ஆகவே 68,400 ரூபாயுடன் 21,000 கூட்டி, 30,000 கழிக்க 59,400 ரூபாய் வருகிறது.

"பட்டறையில் இருக்கும் காயை ஏன் ஐம்பது ரூபாய்க்கு மதிப்புப் போடக்கூடாது? நடவு வரும்போது அந்த விலைக்குத்தானே போகும்?" என்று அவர் கேட்டார். நல்ல கேள்வி. ஆனால் அந்த விலை இன்னும் வரவில்லை. வருவதற்குள் எடை குறையும், சில காய் அழுகும், சில முளைவிடும். வந்தால் அது காய் காத்த வேலைக்குக் கிடைக்கும் வரவு. இந்தப் பயிரின் கணக்கில் அதை இப்போதே எழுதிக்கொள்வது, பற்று நோட்டில் உள்ள பணத்தைக் கல்லாவில் இருப்பதாக எண்ணிச் செலவு செய்வது போலாகும். இருப்பை எண்ணும் நாளின் விலையில்தான் மதிப்பிட வேண்டும்.

வீட்டு ஆட்களின் கூலியும் சொந்த நிலமும்

அவர் தண்ணீர் பாய்ச்சியது, மருந்து அடித்தது, காவல் இருந்தது எல்லாம் நாட்காட்டிப்படி 45 நாட்கள். நாளுக்கு 400 ரூபாய் என்றால் 18,000. மனைவியும் தாயாரும் சேர்ந்து 30 ஆள் நாட்கள். 300 ரூபாய் வீதம் 9,000. இரண்டும் சேர்ந்து 27,000 ரூபாய். நகைக் கடன் 50,000 ரூபாய்க்கு நான்கு மாத வட்டி 2,000 ரூபாய். சொந்த நிலத்துக்கு வாடகை இல்லை என்றாலும், அதே நிலத்தைக் குத்தகைக்கு விட்டிருந்தால் அந்த ஊர் வழக்கப்படி ஒரு போகத்துக்கு 10,000 ரூபாய் கிடைத்திருக்கும். இவ்வளவையும் கழித்தால் 59,400 ரூபாயில் 20,400 ரூபாய் நிற்கிறது.

இந்த இடத்தில் அவர் முகம் வாடிவிட்டது. ஒரு இலட்சத்து இருபதாயிரத்துக்கு மேல் பணத்தை எண்ணி வாங்கியவரிடம் இருபதாயிரம்தான் இலாபம் என்றால் யாருக்கும் கசக்கத்தான் செய்யும். ஆனால் அவர் குடும்பத்துக்கு இருபதாயிரம்தான் கிடைத்தது என்று நான் சொல்லவில்லை. வட்டி போக 57,400 ரூபாய் குடும்பத்துக்கு உரியதே. அதில் 21,000 ரூபாய் பட்டறையில் காயாக இருக்கிறது. 27,000 ரூபாய் குடும்பத்தின் உழைப்புக்கான கூலி, 10,000 ரூபாய் அவர்களுடைய நிலத்தின் பங்கு. எஞ்சியது பயிர் தந்த இலாபம். பிள்ளைகளின் பள்ளிச் செலவைத் திட்டமிடும்போது 57,400 என்ற எண்ணைப் பார்க்கலாம். இன்னும் இரண்டு ஏக்கர் எடுக்கலாமா என்று முடிவு செய்யும்போது 20,400 என்ற எண்ணைத்தான் பார்க்க வேண்டும். ஏனெனில் குத்தகை நிலத்தில் நிலத்தின் பங்கு நிலக்காரருக்குப் போய்விடும். மூன்று ஏக்கருக்கு வீட்டு ஆட்கள் போதமாட்டார்கள், அந்தக் கூலியும் வெளியே போய்விடும்.

குத்தகை ஏக்கரின் கணக்கு

அதையும் தனியே எழுதிப் பார்த்தோம். பட்டறையில் உள்ள 700 கிலோ சொந்த ஒரு ஏக்கருக்குத்தான் போதும். எனவே குத்தகை நிலத்துக்கு ஏக்கருக்கு 30,000 ரூபாய்க்கு விதைக்காயைக் காசு கொடுத்து வாங்க வேண்டும். ரொக்கச் செலவு முன்போலவே 53,700. வீட்டு ஆட்களுக்குப் பதிலாகக் கூலி ஆட்கள், 27,000. குத்தகை 10,000. முழுவதும் கடன் வாங்கிச் செய்வதால் வட்டி ஏறத்தாழ 4,800. ஆக ஏக்கருக்கு 1,25,500 ரூபாய் செலவாகும். விளைச்சலும் விலையும் சென்ற முறை போலவே இருந்து, விதைக்கு வைத்த 700 கிலோவையும் சேர்த்து விற்றுவிட்டால், கமிஷனும் வண்டியும் போகக் கைக்கு வருவது 1,40,100 ரூபாய். மிஞ்சுவது 14,600 ரூபாய்.

இது விலை குறையாவிட்டால்தான். 5,500 கிலோவில் விலை ஒரு ரூபாய் குறைந்தால், கமிஷன் போக ஏறத்தாழ ஐயாயிரம் ரூபாய் குறையும். ஆகவே கிலோவுக்கு மூன்று ரூபாய் விலை இறங்கினாலே இந்த 14,600 ரூபாயும் போய்விடும். சின்ன வெங்காயத்தின் விலை ஒரே மாதத்தில் இதைவிட அதிகமாக ஏறி இறங்குவதை நீங்கள் எல்லோரும் பார்த்திருக்கிறீர்கள். கிலோவுக்குப் பத்து ரூபாய் இறங்கினால் ஏக்கருக்கு 34,900 ரூபாய் நட்டம். இரண்டு ஏக்கருக்கு எழுபதாயிரம். அப்போதும் மண்டிச் சீட்டுகளின் மேல் வரியில் மூன்று ஏக்கருக்குமாகச் சேர்த்து மூன்று இலட்சத்துக்குக் குறையாத தொகை எழுதியிருக்கும். ஊரார் பார்ப்பது அந்த வரியைத்தான். நகையை மீட்க முடியுமா என்பது அந்த வரியில் தெரியாது.

சொந்த ஏக்கரில் அதே பத்து ரூபாய் இறங்கியிருந்தால்? ஐம்பதாயிரம் குறைந்து குடும்பத்தின் கையில் ஏழாயிரத்துச் சொச்சம் நின்றிருக்கும். உழைத்த கூலியில் பெரும்பகுதி போயிருக்கும். ஆனால் வெளியாருக்குக் கடன்பட்டிருக்க வேண்டியதில்லை. வீட்டு உழைப்பும் சொந்த விதையும் சொந்த நிலமும் விலை வீழ்ச்சியைத் தாங்கிக்கொள்ளும். கூலி ஆளும் குத்தகையும் வட்டியும் தாங்கிக்கொள்ளா. குத்தகைச் சாகுபடியே கூடாது என்று இதற்குப் பொருள் இல்லை. விதைக்காயைத் தாமே வைத்துக்கொண்டு, வீட்டு ஆட்களால் பார்த்துக்கொள்ள முடிந்த அளவு எடுத்தால் கணக்கு மாறும்.

கணக்கு நோட்டு எப்படி இருக்க வேண்டும்

நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும். பயிருக்கு ஒரு நோட்டாக வையுங்கள், வீட்டுச் செலவை அதில் கலக்காதீர்கள். முதல் பக்கத்தில் நடவு நாளன்று கையில் இருந்த விதை, உரம், மருந்து ஆகியவற்றை எடையும் அன்றைய விலையும் போட்டு எழுதுங்கள். செலவுப் பக்கங்களில் நாள், விவரம், தொகை. வீட்டு ஆட்கள் வேலை செய்த நாட்களுக்கு ஒரு பக்கம் தனியே விடுங்கள். பணம் கொடுக்காததால் மறந்துபோவது அதுதான். ஒவ்வொரு மண்டிச் சீட்டையும் நோட்டில் ஒட்டி, கீழ் வரியை மட்டும் வரவில் எழுதுங்கள். மண்டிக்காரர் பாக்கி வைத்திருந்தால் அதை வேறு மையில் குறித்துக்கொள்ளுங்கள். கடைசிப் பக்கத்தில் அறுவடை முடிந்த நாளில் மிஞ்சிய இருப்பு. நம் நண்பர் தெளித்தது போக அரை லிட்டர் மருந்தும் ஒரு மூட்டை பொட்டாஷும் மிச்சம் வைத்திருந்தார். அவற்றையும் எழுத வேண்டும் என்று நான் சொன்னபோது சிரித்தார். நாங்கள் போட்ட கணக்கில் அவை சேரவில்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

அவர் ஊருக்குத் திரும்பி, இரண்டு ஏக்கர் குத்தகைப் பேச்சை நிறுத்திவிட்டார். நிலக்காரரிடம் அரை ஏக்கர் மட்டும் கேட்டிருக்கிறார். அதற்கு வேண்டிய 300 கிலோ விதைக்காயை அறுவடை நேரத்திலேயே உறவினர் ஒருவரிடம் வாங்கிப் பட்டறையில் ஏற்றிவிட்டதாக எழுதினார். சுருங்குவதற்குச் சேர்த்து 350 கிலோவாக வாங்கியிருக்கிறார். மாமனுக்கும் கணக்கை அப்படியே படியெடுத்து அனுப்பியிருக்கிறார். ஒரு வாரத்தில் பதில் வந்தது. "350 கிலோவுக்கு ஆன பணத்தை அனுப்பியிருக்கிறேன். வட்டி வேண்டாம். நடவு நாளன்று எடை போட்டு எத்தனை கிலோ மிஞ்சியது என்று எழுது."

இந்த இதழ் அச்சுக்குப் போகும் வரை பட்டறை பிரிக்கப்படவில்லை.